பர்சனல் லோனை முன்கூட்டியே அடைக்கக் கடிதம்: பணத்துக்கு முன்னாலா, பின்னாலா?

தறிக்காரன் · 9.2.2026, காலை

2024 ஏப்ரலில் பெண் கல்யாணத்துக்காக ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் 4 லட்சம் பர்சனல் லோன் வாங்கினேன். 14 சதவீதம், மாறாத வட்டி, 48 மாதம், இஎம்ஐ 10,931. 22 தவணை ஒழுங்காகப் போய்விட்டது. இப்போது சீட்டு எடுத்த பணம் கையில் இருக்கிறது, மொத்தமாக அடைத்துவிடலாம் என்று கரூர் கிளைக்குப் போனேன். அங்கே இருக்கும் பையன், "லெட்டர் எல்லாம் எதுக்குண்ணே, பணத்தை அக்கவுண்ட்ல போடுங்க, தானா குளோஸ் ஆயிடும்" என்கிறான். மச்சானோ, எழுத்தில் கொடுக்காமல் ஒரு ரூபாய்கூடப் போடாதே என்கிறார்.

இன்னொன்று. சம்பளச் சீட்டு கிடையாது, தறி வருமானம்தான் என்பதால், கடன் கொடுக்கும்போது கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக் நாலும், வீட்டுமனைப் பத்திரத்தின் அசலும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பத்திரத்துக்குப் பதிவு எதுவும் செய்யவில்லை, "சும்மா ஒரு செக்யூரிட்டிக்கு" என்றார்கள். கிளை முத்திரை வைத்த ஒரு துண்டுச் சீட்டு மட்டும் என்னிடம் இருக்கிறது. இதெல்லாம் கேட்காமலே திரும்பி வருமா?

கணக்கர்62 · 9.2.2026, மாலை

வராது. கேட்டாலே சில இடங்களில் இழுப்பார்கள்.

நான் கடன் பிரிவில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். பையன் சொல்வது பொய் இல்லை, ஆனால் பாதிதான். கடன் கணக்கில் நீங்கள் பணத்தைப் போட்டால், அது எதற்கு வந்தது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அந்த மாதத் தவணை ஏற்கெனவே வந்திருந்தால், வந்த பணத்தைக் கூடுதல் தொகை என்று தனியாக நிறுத்தி வைக்கும். அதை எடுத்து அசலில் கழித்துக் கணக்கை முடிக்க, ஓர் ஆள் "முடிப்பு" என்ற வேலையைச் செய்ய வேண்டும். அந்த ஆளை வேலை செய்ய வைப்பது உங்கள் கடிதம்தான். இப்போது சில கம்பெனிகளில் ஆப்பிலேயே அந்தக் கோரிக்கையைக் கொடுக்கலாம், அதுவும் கடிதம்தான். ஏதோ ஒன்று பதிவில் இருக்க வேண்டும்.

வரிசை இதுதான்: முதலில் கடிதம், அதற்குப் பதிலாக அவர்கள் தரும் முடிப்புத் தொகை விவரம், அதில் சொன்ன தேதிக்குள் பணம், அப்புறம் சான்று, ஆவணம். உங்களுக்கு முடிப்பைவிடப் பெரிய தலைவலி அந்தப் பத்திரம். துண்டுச் சீட்டை இன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள். சீட்டில் பத்திர எண் இருக்கிறதா?

தறிக்காரன் · 9.2.2026, இரவு

பத்திர எண்ணும் வருடமும் இருக்கிறது. "அசல் கிரயப் பத்திரம் 1, காசோலை 4" என்று எழுதிக் கையெழுத்து. செக் எண்கள் இல்லை.

பொன்னி · 10.2.2026

கணக்கர் சார் சொன்னது அப்படியே எங்கள் வீட்டில் நடந்தது. தம்பி ஒரு கடனை அடைக்க 1.80 லட்சத்தை நெஃப்டில் அனுப்பிவிட்டு வெளியூர் வேலைக்குப் போய்விட்டான். நாலு மாதம் கழித்து ஸ்டேட்மெண்ட் எடுத்தால் கடன் உயிரோடு இருக்கிறது! மாதாமாதம் 5-ஆம் தேதி அந்த 1.80 லட்சத்திலிருந்து ஒரு தவணையைக் கிள்ளி எடுத்து, அதற்கு வட்டியும் போட்டு, கடன் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. வங்கியிலிருந்து பணம் எடுக்காததால் இவனுக்குச் சந்தேகமே வரவில்லை. "நீங்க குளோசர் ரிக்வெஸ்ட் கொடுக்கலையே" என்றார்கள். பணம் வந்த தேதியிலிருந்து முடித்ததாகக் கணக்குப் போடச் சொல்லிச் சண்டை போட்டோம். பாதி வட்டியைத்தான் விட்டுக்கொடுத்தார்கள்.

காற்றாடி · 10.2.2026

தறிக்காரரே, ஒரு பைசா கூடுதலாகக் கட்டாதீர்கள். இந்த ஜனவரி 1 முதல் ஃபோர்குளோஷர் சார்ஜே கிடையாது என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. 4 சதவீதம், 5 சதவீதம் என்று கேட்டால் சர்க்குலரைக் காட்டுங்கள்.

கணக்கர்62 · 10.2.2026

காற்றாடி, சர்க்குலர் உண்மை, ஆனால் இவருக்குப் பொருந்தாது. 2025 ஜூலையில் வந்த அந்த உத்தரவு, 2026 ஜனவரி 1 முதல் கொடுத்த அல்லது புதுப்பித்த கடன்களுக்குத்தான். இவர் வாங்கியது 2024. அதைவிட முக்கியம், சொந்தத் தேவைக்குக் கடன் வாங்கிய தனிநபருக்கு முழு விலக்கு இருப்பது மாறும் வட்டிக் கடனில். அதுவும் புதுசு இல்லை, வங்கிகளுக்கும் ஃபைனான்ஸ் கம்பெனிகளுக்கும் 2014 முதலே உண்டு. பர்சனல் லோன் பெரும்பாலும் மாறா வட்டி. அங்கே கம்பெனி தன் கொள்கைப்படி வாங்கலாம், ஆனால் முன்கூட்டியே எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

அதனால் தறிக்காரர் காட்ட வேண்டியது சர்க்குலரை இல்லை, அவருடைய சொந்த சாங்ஷன் லெட்டரை. அதில் எத்தனை சதவீதம், எத்தனை தவணைக்குப் பிறகு என்று இருக்கும். அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்டால் மடக்கலாம்.

காற்றாடி · 10.2.2026

சரி, மாறா வட்டி என்பதைக் கவனிக்கவில்லை. ஆனாலும் அநியாயம்தான். சீக்கிரம் திருப்பிக் கொடுத்தால் அபராதம்!

மீசைக்காரர் · 10.2.2026

என்னிடம் கைமாற்று வாங்கியவர்கள் யாரும் இதுவரை அந்த அபராதம் கட்டும் நிலைக்கு வந்ததில்லை.

தறிக்காரன் · 11.2.2026

சாங்ஷன் லெட்டரைத் தேடி எடுத்தேன். 12 தவணைக்குப் பிறகு முடிக்கலாம், மீதி அசலில் 4 சதவீதமும் வரியும் என்று இருக்கிறது. கணக்கர் சார், கடிதத்தில் என்ன எழுத வேண்டும்? தமிழில் கொடுத்தால் வாங்குவார்களா?

கணக்கர்62 · 11.2.2026

கிளையில் தமிழ்க் கடிதத்தை வாங்குவார்கள். தலைமை அலுவலகம் வெளிமாநிலம் என்றால் மின்னஞ்சலில் ஆங்கிலத்திலும் அனுப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் மொழிபெயர்க்க ஆள் இல்லை என்று ஒரு வாரம் போகும். கடிதம் ஒரே பக்கம் இருந்தால் போதும். என் கைப்பழக்கம் இப்படி:

> பெறுநர்: கிளை மேலாளர். நகல்: குறைதீர் அலுவலர், தலைமை அலுவலகம்.
>
> பொருள்: கடன் கணக்கு எண் ……-ஐ முன்கூட்டியே முடித்தல், நிலுவையின்மைச் சான்று, அசல் ஆவணங்களைத் திரும்பப் பெறுதல்.
>
> ஐயா, மேற்கண்ட கடனில் 5.2.2026 வரையிலான 22 தவணைகளைச் செலுத்தியுள்ளேன். மீதியை 17.2.2026 அன்று முழுமையாகச் செலுத்திக் கணக்கை முடிக்க விரும்புகிறேன். அந்தத் தேதிக்கான தொகையை, மீதி அசல், அன்றுவரை வட்டி, முடிப்புக் கட்டணம், வரி, வேறு நிலுவை எனத் தனித்தனியாகக் காட்டி, செலுத்த வேண்டிய கணக்கு எண்ணுடன் எழுத்தில் தரவும்.
>
> பணம் பெற்றபின், கடன் முழுமையாகச் செலுத்தி முடிக்கப்பட்டது என்று குறிப்பிடும் நிலுவையின்மைச் சான்றும், இருப்பு பூஜ்யம் காட்டும் கணக்கு அறிக்கையும் தரவும். என் வங்கிக் கணக்கின் மீதான தானியங்கிப் பற்று ஆணையை ரத்து செய்யவும். முடித்த பின் தவணை பிடிக்கப்பட்டால் திருப்பி வரவு வைக்கவும். கடன் தகவல் நிறுவனங்களுக்கு, கணக்கு முடிக்கப்பட்டதாகத் தெரிவிக்கவும்.
>
> கடன் பெறும்போது கொடுத்த அசல்கள்: கிரயப் பத்திரம் எண் ……/வருடம், சார்பதிவாளர் அலுவலகம் ……, …… வங்கிக் காசோலைகள் 4, எண்கள் ……. தங்கள் கிளையின் ஒப்புகைச் சீட்டு நகல் இணைப்பு. இவற்றைக் கரூர் கிளையிலேயே பெற்றுக்கொள்கிறேன்.

செக் எண் சீட்டில் இல்லாவிட்டாலும், உங்கள் செக் புத்தகத்தின் அடிக்கட்டையில் இருக்கும், இல்லாவிட்டால் வங்கியில் கேளுங்கள். எந்தக் கிளையில் வாங்கிக்கொள்வேன் என்பதை எழுதுங்கள், அது உங்கள் உரிமை. இரண்டு பிரதி எடுத்துப் போய் ஒன்றில் முத்திரை, தேதி, கையெழுத்து வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் வாதாடாமல் வெளியே வந்து ஸ்பீடு போஸ்ட்டில் ஒப்புகையோடு அனுப்புங்கள் (பழைய பதிவுத் தபாலை 2025-இல் அதோடு இணைத்துவிட்டார்கள்).

இன்னும் ஒன்று. கடன் கொடுக்கும்போது காப்பீடு என்று ஏதாவது பிடித்தார்களா பாருங்கள். பிடித்திருந்தால் அதைத் தொடர்வதா, சரண்டர் செய்வதா என்றும் ஒரு வரி கேளுங்கள். கேட்காதவருக்கு யாரும் சொல்வதில்லை.

மதுரை மல்லி · 11.2.2026

நல்ல நேரத்தில் இந்தப் பேச்சு. அப்பா வாங்கிய கடனுக்கு வீட்டுப் பத்திரம் வைத்திருந்தோம். போன வருடமே முடித்து என்ஓசியும் வாங்கியாச்சு, பத்திரமும் வந்தாச்சு. இப்போது வில்லங்கம் போட்டால் கடன் இன்னும் இருப்பதாகக் காட்டுகிறது. நாங்களும் கடிதம் கொடுக்க வேண்டுமா?

கணக்கர்62 · 11.2.2026

உங்களுடையது வேறு கதை அம்மா. பத்திரம் ஒப்படைத்து அடமானம் வைத்ததைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்திருக்கிறார்கள். அதை நீக்க, கடன் கொடுத்தவர் தரப்பில் ரசீது ஆவணம் எழுதி அதே அலுவலகத்தில் பதிய வேண்டும். என்ஓசி உங்கள் பீரோவில் இருப்பது வில்லங்கச் சான்றுக்குத் தெரியாது. கிளைக்கு எழுதித் தேதி கேளுங்கள், அவர்கள் ஆள் வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

தறிக்காரருக்குப் பதிவே இல்லை என்பதால் இந்த வேலை கிடையாது. அதுவே அவருக்குச் சிக்கலும்கூட. பத்திரம் கம்பெனியிடம் இருக்கிறது என்பதற்கு அந்தச் சீட்டை விட்டால் வேறு சாட்சி இல்லை.

தறிக்காரன் · 13.2.2026

கடிதம் கொடுத்தேன். பையன் தலையைச் சொறிந்தான், மேலாளர் முத்திரை போட்டுக் கொடுத்துவிட்டார். இன்று மின்னஞ்சலில் விவரம் வந்தது, 17-ஆம் தேதிவரை செல்லும் என்று:

மீதி அசல் 2,43,924
5-ஆம் தேதியிலிருந்து 12 நாள் வட்டி 1,123
முடிப்புக் கட்டணம் 4% – 9,757
அதற்கு ஜிஎஸ்டி 18% – 1,756
மற்றவை 590
மொத்தம் 2,57,150

அந்த 590 என்ன என்று புரியவில்லை. அப்புறம், 26 தவணையையும் இப்படியே கட்டினால் 2,84,206 ஆகிறது. அப்படியானால் எனக்கு மிச்சம் 27,000 சொச்சம்தானா?

மீசைக்காரர் · 13.2.2026

27,000-க்காகவா இந்த ஓட்டம்? பணத்தை 7 சதவீதத்தில் டெபாசிட்டில் போட்டுவிட்டு இஎம்ஐயை அது பாட்டுக்கு ஓட விடுங்கள்.

கணக்கர்62 · 13.2.2026

மீசைக்காரரே, அந்த டெபாசிட்டிலிருந்துதானே மாதம் 10,931 எடுத்துக் கட்ட வேண்டும்? 14-க்கு வாங்கிய பணத்தை 7-இல் போட்டால் கடைசித் தவணைக்கு டெபாசிட் போதாது. 11,513 கட்டணமும் வரியும் போன பிறகும் அவருக்கு மிச்சம்தான். தவணை முடிய நாலைந்து மாதமே இருந்தால் நீங்கள் சொல்வதில் நியாயம் உண்டு. அப்போது மீதி வட்டியே கட்டணத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

தறிக்காரருக்கு: எந்த மாதமாவது தவணை திரும்பியதா? 500-ம் வரி 90-ம் சேர்ந்தால் 590, அது பெரும்பாலும் தவணை திரும்பியதற்கான கட்டணம். பணம் போடுவதற்கு முன் கேட்டு முடியுங்கள். சண்டை என்று அந்த 590-ஐ மட்டும் விட்டுவிட்டுக் கட்டினால், கணக்கு முடியாது. ஆவணம் திருப்பித் தர ரிசர்வ் வங்கி வைத்த 30 நாள் கெடு "முழுமையாகச் செலுத்திய" பிறகுதான் ஓட ஆரம்பிக்கும், 590 பாக்கி இருக்கும்வரை ஓடாது. வேண்டுமானால் கட்டிவிட்டு, ஆட்சேபணையோடு கட்டுகிறேன் என்று ஒரு வரி எழுதுங்கள்.

தறிக்காரன் · 14.2.2026

ஆமாம், போன தீபாவளி மாதம் ஒரு தவணை திரும்பியது, மறுநாளே கையால் கட்டினேன். அதற்கான கட்டணம் அப்படியே தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. கட்டிவிடுகிறேன். கிளையில் ரொக்கமாகக் கொடுத்தால் உடனே ரசீது என்கிறார்கள், கொடுக்கலாமா?

காற்றாடி · 14.2.2026

ரொக்கமா? ஃபைனான்ஸ் கம்பெனி ஒரே ஆளிடம் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கவே கூடாது, வருமான வரிச் சட்டம். இதில் நான் சரிதானே கணக்கரே?

கணக்கர்62 · 14.2.2026

இதில் முழுசாகச் சரி. விவரத்தில் அவர்கள் கொடுத்த கணக்கு எண்ணுக்கு மட்டும் அனுப்புங்கள், எந்த அலுவலரின் சொந்த ஜிபே எண்ணுக்கும் வேண்டாம். இன்றைக்கே அந்தக் கணக்கை உங்கள் நெட்பேங்கிங்கில் சேர்த்து வையுங்கள். பல வங்கிகளில் புதிதாகச் சேர்த்த கணக்குக்கு முதல் நாள் சின்னத் தொகைதான் போகும். 17-ஆம் தேதி சேர்த்துவிட்டு 18-ஆம் தேதி அனுப்பினால் ஒரு நாள் வட்டி 94 ரூபாய் பாக்கி விழும், அந்த 94-க்காகக் கணக்கு திறந்தே கிடக்கும்.

தறிக்காரன் · 17.2.2026

காலை 11 மணிக்கு 2,57,150 ஆர்டிஜிஎஸ்ஸில் அனுப்பியாச்சு. யூடிஆர் எண்ணோடு மேலாளருக்கும் குறைதீர் அலுவலருக்கும் மின்னஞ்சல் போட்டேன். இப்போதே வங்கியில் போய் ஆட்டோ டெபிட்டை நிறுத்திவிடட்டுமா?

கணக்கர்62 · 17.2.2026

கணக்கு முடிந்ததாக எழுத்தில் வரட்டும், அப்புறம் நிறுத்துங்கள். ஒருவேளை பணம் ஏதோ காரணத்தால் ஏறாமல் இருந்து, ஆணையும் இல்லை என்றால், தவணை தவறியதாக சிபிலில் ஏறும். அடுத்த தவணை மார்ச் 5, நேரம் இருக்கிறது. நெட்பேங்கிங்கில் மேன்டேட் பட்டியலில் `UMRN` என்று ஓர் எண் இருக்கும், அதைக் குறித்து வையுங்கள். கம்பெனி ரத்து செய்யாவிட்டாலும் உங்கள் வங்கியில் நீங்களே அதைச் சொல்லி ரத்து செய்யலாம்.

தறிக்காரன் · 26.2.2026

சான்று மின்னஞ்சலில் வந்துவிட்டது. 19.2.2026 அன்று கணக்கு முடிந்தது, நிலுவை எதுவும் இல்லை என்று இருக்கிறது. மேன்டேட்டையும் ரத்து செய்துவிட்டேன். ஆனால் கீழே ஒரு வரி: "இக்கடன் பிணையற்றது. நிறுவனத்தின் வசம் ஆவணம் ஏதுமில்லை." படித்ததும் வயிற்றில் புளியைக் கரைத்தது.

பொன்னி · 26.2.2026

ஐயோ. கிளை மேலாளர் என்ன சொல்கிறார்?

தறிக்காரன் · 26.2.2026

அவர் புதுசு. பத்திரம் வாங்கியவர் வேலையை விட்டுப் போய்விட்டாராம்.

காற்றாடி · 27.2.2026

நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் நஷ்ட ஈடு! ரிசர்வ் வங்கி 2023-இல் சொன்னது. என்ஓசி தாமதம், செக் தாமதம் எல்லாவற்றுக்கும் உண்டு. கேளுங்கள்.

கணக்கர்62 · 27.2.2026

எல்லாவற்றுக்கும் இல்லை. 2023 செப்டம்பர் 13 சுற்றறிக்கை, அந்த வருடம் டிசம்பர் 1 முதல் நடைமுறை. கடன் முழுதாக அடைந்த 30 நாளுக்குள் அசையும், அசையாச் சொத்துகளின் அசல் ஆவணங்களைத் திருப்ப வேண்டும், பதிந்த பாத்தியதையை நீக்க வேண்டும். கம்பெனியின் பக்கத்துக் காரணத்தால் தாமதமானால் நாளுக்கு 5,000. என்ஓசிக்கோ வெற்றுச் செக்குக்கோ அந்தத் தொகை இல்லை. வாங்கியது ஐந்து லட்சமா ஐம்பது லட்சமா என்ற கேள்வியும் இல்லை. பத்திரம் தொலைந்தால் நகல் எடுக்க அவர்கள் உதவ வேண்டும், செலவும் அவர்களுடையது, அதற்கு இன்னும் 30 நாள் அவகாசம் உண்டு.

தறிக்காரர் இப்போது செய்ய வேண்டியது இரண்டாவது கடிதம், நேரே குறைதீர் அலுவலருக்கு. "பிணையற்றது" என்று கடன் வகையைச் சொல்வதும், கையில் வாங்கிய பத்திரத்தை மறுப்பதும் ஒன்றல்ல என்று எழுதுங்கள். ஒப்புகைச் சீட்டின் நகல், முதல் கடிதத்தில் அவர்கள் போட்ட முத்திரை இரண்டையும் இணையுங்கள். அந்த முதல் கடிதத்தில் பத்திர எண் இருக்கிறது, அதை வாங்கும்போது அவர்கள் மறுக்கவில்லை. இப்போது அதுதான் உங்கள் பலம்.

மீசைக்காரர் · 28.2.2026

எங்கள் ஊரில் வட்டிக்குக் கொடுப்பவரிடம் புரோநோட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அசலையும் வட்டியையும் கொடுத்தாச்சு, நோட்டை "அப்புறம் தேடித் தரேன்" என்கிறார். எனக்கும் 5,000 உண்டா?

கணக்கர்62 · 28.2.2026

அவர் ரிசர்வ் வங்கிக்குக் கட்டுப்பட்டவர் இல்லை, அதனால் இல்லை. கூட்டுறவு வங்கிகளுக்கு இந்தச் சுற்றறிக்கை உண்டு, கிராமத்துத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்துக்கு இல்லை. உங்கள் ஆளிடம், முழுதும் பெற்றுக்கொண்டேன், நோட்டு கிடைத்தாலும் செல்லாது என்று சாட்சியோடு ஒரு ரசீதாவது வாங்குங்கள். தேடுகிறவர் கையெழுத்துப் போடத் தயங்கினால் அவர் தேடவில்லை என்று அர்த்தம்.

தறிக்காரன் · 12.3.2026

பதில் வந்தது. பத்திரம் சென்னைக் கிடங்கில் இருக்கிறதாம், "கண்டறியப்பட்டு அனுப்பப்படும்". குறைதீர் அலுவலருக்குக் கடிதம் போன பிறகு இவர்களுக்கு எல்லாம் கண்ணில் படுகிறது.

தறிக்காரன் · 24.3.2026

பத்திரம் கைக்கு வந்தது. பக்கம் பக்கமாகப் பார்த்தேன், முதல் தாளில் குத்தித் தைத்த ஓட்டைகள், பின்பக்கம் பென்சிலில் கடன் எண். மற்றபடி முழுசு. செக் மூன்றுதான் வந்தது, நாலாவது "பதிவில் இல்லை".

இப்போது புதுச் சண்டை. நான் 17.2 அன்று கட்டினேன், 30 நாள் மார்ச் 19-உடன் முடிந்தது, 5 நாள் தாமதம், 25,000 என்கிறேன். அவர்கள், கணக்கு முடிந்தது 19.2, எனவே கெடு மார்ச் 21, பத்திரம் 21-ஆம் தேதியே கரூர் வந்துவிட்டது, நீங்கள்தான் வரத் தாமதம் என்கிறார்கள். வாங்கும்போது "எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று அச்சடித்த தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். நான் "ஆவணம் பெற்றேன், செக் 1 வரவில்லை, தாமதம் குறித்த உரிமை உண்டு" என்று கையால் எழுதிப் போட்டேன்.

காற்றாடி · 24.3.2026

சபாஷ்! விடாதீர்கள், cms.rbi.org.in-இல் புகார் போடுங்கள்.

கணக்கர்62 · 25.3.2026

கையால் எழுதியது நல்ல காரியம். முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார், 30 நாளில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேன். அந்தப் படியைத் தாண்டிப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

சுற்றறிக்கையில் இருப்பது "முழுமையாகச் செலுத்திய பிறகு" என்பதுதான், கம்ப்யூட்டர் முடித்த தேதி என்று இல்லை. அதனால் கெடு 19 என்பது என் எண்ணம். ஆனால் அவர்கள் பத்திரத்தைக் கிளைக்குக் கொண்டுவந்து 21 அன்று உங்களுக்குத் தகவல் சொன்னார்களா என்பதைப் பொறுத்துத் தொகை மாறும். எஸ்எம்எஸ், போன் ஏதாவது வந்ததா?

தறிக்காரன் · 25.3.2026

23 மாலை போன் வந்தது. அதற்கு முன் எதுவும் இல்லை. போன் பதிவை எடுத்து வைத்திருக்கிறேன்.

பொன்னி · 25.3.2026

அந்த நாலாவது செக் பற்றி யாரும் பேசவில்லையே. செக் மூன்று மாதம்தான் செல்லும், 2024-இல் கொடுத்தது இப்போது செத்துப்போயிருக்கும், விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன்.

கணக்கர்62 · 25.3.2026

தேதி போட்ட செக்குக்குத்தான் மூன்று மாதம். இவருடையது தேதி போடாத வெற்றுச் செக், யார் கையில் கிடைத்தாலும் இன்றைய தேதியைப் போட்டு வங்கியில் போடலாம். எண்ணைச் சொல்லி வங்கியில் ஸ்டாப் பேமெண்ட் கொடுங்கள், கட்டணம் கொஞ்சம்தான். கம்பெனியிடம், அந்த எண் செக் எங்கள் வசம் இருந்தாலும் பயன்படுத்த மாட்டோம் என்று எழுதி வாங்குங்கள். ஸ்டாப் பேமெண்ட்டுக்கான காரணத்தில் "கடன் முடிந்தது" என்று எழுதி, என்ஓசி நகலும் வையுங்கள். பின்னால் யாராவது செக் திரும்பிய வழக்கு என்று வந்தால் அது உதவும்.

தறிக்காரன் · 8.4.2026

ஸ்டாப் பேமெண்ட் கொடுத்தாச்சு. சிபில் எடுத்துப் பார்த்தேன், "குளோஸ்டு", இருப்பு 0. இன்னொரு கடன் தகவல் நிறுவனத்தின் அறிக்கையில் மட்டும் கடன் இன்னும் நடப்பில் இருக்கிறது, மீதி 2,43,924 என்று காட்டுகிறது.

கணக்கர்62 · 8.4.2026

நல்லவேளை "செட்டில்டு" என்று போடவில்லை. அப்படிப் போட்டால் குறைத்துக் கட்டினார் என்று அடுத்த கடன் கொடுப்பவர் படிப்பார். மற்ற நிறுவனத்தின் தளத்திலேயே திருத்தப் புகார் போடுங்கள், என்ஓசியை இணையுங்கள். 15 நாளுக்கு ஒரு முறை விவரம் அனுப்ப வேண்டும் என்று 2025 ஜனவரி முதல் விதி, எனவே இவ்வளவு நாள் ஆனது அதிகம். புகார் கொடுத்து 30 நாளில் சரியாகாவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் உண்டு.

மீசைக்காரர் · 8.4.2026

5,000-இல் தொடங்கி 100-க்கு வந்துவிட்டோம். புரோநோட்டு இன்னும் கிடைக்கவில்லை, ரசீதும் தரவில்லை.

தறிக்காரன் · 19.4.2026

கம்பெனி 10,000 தருவதாகப் போனில் சொல்கிறது, 23-ஆம் தேதிவரைதான் தாமதமாம், அதிலும் பாதி தபால் தாமதமாம். எழுத்தில் கேட்டால் மௌனம். மச்சான் வாங்கிக்கொள் என்கிறார். நான் ஒம்புட்ஸ்மேனுக்குப் போகலாம் என்று இருக்கிறேன். யாராவது இந்த 5,000-ஐ உண்மையிலேயே முழுசாக வாங்கியிருந்தால் எழுதுங்கள்.

மதுரை மல்லி · 20.4.2026

வாங்கியதில்லை. எங்கள் ரசீது ஆவணம் போன வாரம் பதிந்தது, அவர்கள் ஆள் ஆதார் கொண்டுவராமல் வந்து மறுபடி ஒரு நாள் போக வேண்டியிருந்தது. வில்லங்கத்தில் ஏறிவிட்டது. கணக்கர் சாருக்கு நன்றி.

கணக்கர்62 · 20.4.2026

தறிக்காரரே, போனில் சொன்னதை நீங்களே மின்னஞ்சலில் எழுதி, "இன்று இப்படிச் சொன்னீர்கள், சரியா" என்று அனுப்புங்கள். பதில் வராவிட்டாலும் அது பதிவு. புகாரில் இணைக்க ஒரு தாள் கூடும்.